ட்ரெண்டிங் பாட்டு: ஏறுமுகமா, இறங்குமுகமா?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ஒரு பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறி தெரிந்தால் அது ட்ரெண்டிங். அதைப் பார்த்ததும் பலரும் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பாட்டு இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதை அம்புக்குறி சொல்வதில்லை.

பாட்டின் பெயரைத் தொட்டால் அதற்கான பக்கம் திறக்கும். இதுவரை எத்தனை ரீல்கள் வந்திருக்கின்றன என்ற எண் அங்கே இருக்கும். ஆட்கள் ஏமாறுவது இந்த எண்ணில்தான். அது மொத்தக் கணக்கு. ட்ரெண்ட் ஓய்ந்த பிறகும் கூடிக்கொண்டேதான் இருக்கும். பார்க்க வேண்டியது, ஒரு நாளைக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை.

ஒரு பேச்சுக்கு, திங்கள் காலை 4,000 ரீல்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் 7,000, புதன் 13,000. அதாவது முதலில் 3,000, அடுத்து 6,000 கூடியிருக்கிறது, நல்ல ஏறுமுகம். வியாழன் 18,000, வெள்ளி 21,000. மொத்தம் வெள்ளியன்றுதான் அதிகம். ஆனால் அன்று கூடியது 3,000 மட்டுமே, புதனில் பாதி. வெள்ளியன்று அந்த 21,000-ஐப் பார்த்து மயங்கி இறங்குபவர், கூட்டம் கலையும்போது வந்து சேர்கிறார். தினமும் ஒரே நேரத்தில் எண்ணைக் குறித்து வைத்தால் மூன்றே நாளில் இது பிடிபட்டுவிடும். ஹேஷ்டேகுக்கும் இதே கணக்குதான்.

அடுத்து, உங்கள் வேகம். புதன் காலை முடிவெடுத்து, எடுத்து எடிட் செய்ய இரண்டு நாள் ஆனால் வீடியோ வெள்ளிதான் வெளியே வரும். ஒரே நாளில் முடிக்க முடியாத ஐடியாவை ட்ரெண்டிங் பாட்டோடு கட்டாமல் இருப்பது நல்லது. கடைக்காரர்கள் இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: பிசினஸ் கணக்குகளுக்குப் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காது.

சில பாட்டுகளுக்கு இரண்டாவது வாய்ப்பும் உண்டு. ‘ஜெயிலர்’ படத்தின் ‘காவாலா’ 2023 ஜூலை 6 அன்று வெளியானது; படம் வந்தது ஆகஸ்ட் 10. பாட்டு வந்ததுமே அதன் ஸ்டெப் ரீல்ஸை நிறைத்தது. படம் வந்த பிறகு, இந்தியாவுக்கான ஜப்பான் தூதர் ஹிரோஷி சுசுகியே அதற்கு ஆடி வீடியோ போட, மறுபடி பேச்சு கிளம்பியது. ஜூலையைத் தவறவிட்டவருக்கு ஆகஸ்ட் 10 என்ற தேதி கையில் இருந்தது. ஒரு காமெடி வசனத்துக்கோ யாரோ பேசிய துண்டு ஆடியோவுக்கோ அப்படி ஒரு தேதி கிடையாது.

ஆகவே சினிமாப் பாட்டு என்றால் ரிலீஸ் தேதியைப் பாருங்கள். வெறும் வசன ஆடியோ என்றால், தினசரி வரவு குறையத் தொடங்கிய அன்றே விட்டுவிடுங்கள்.