சுருள் முடிக்குத் தலைக்குளியல்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதன் உப்பு, சுருள் முடியை மேலும் வறளச் செய்யும். அதனால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியின் நீளம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஷாம்பூவை மண்டையில் மட்டும் தேயுங்கள். வழியும் நுரையே நுனியைச் சுத்தமாக்கிவிடும். அடுத்து கண்டிஷனர் தடவி, முடி வழுக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். கடைசியாக ஊற்றும் ஒன்றிரண்டு சொம்பு, குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தி பனியனில் முடியைக் கீழிருந்து ஏந்தி மெல்ல அழுத்தி ஈரம் எடுங்கள். முழுதாகக் காயும்வரை சீப்போ கையோ படக் கூடாது. பட்டால் சுருள் பிரிந்து, முடி பஞ்சுபோல் பறக்கும்.