வீடியோவை வெளியிடும் முன்

சத்துமாவு விற்கும் ஒருவர் ரீல்ஸுக்கு விளம்பரம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது வசனத்தை. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்ற ஒரு வரி இருந்தாலே சிக்கல். நீரிழிவைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவு விளம்பரத்துக்கும் அந்த உரிமை இல்லை. ‘கேழ்வரகும் கம்பும் சேர்ந்தது, சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால்.

அடுத்தது பின்னணிப் பாட்டு. பத்து நொடிதானே என்று சினிமாப் பாட்டைப் போடுவார்கள். அத்தனை நொடி வரை இலவசம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. செயலியில் கிடைக்கும் பாட்டும் வியாபாரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். வணிக உரிமத்தோடு வரும் இசையை எடுங்கள். உரிமச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வீடியோவில் முகம் காட்டும் வாடிக்கையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பிறகு 1080x1920 அளவில் ஏற்றி, வரைவு நிலையிலேயே, சத்தத்தை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் பாருங்கள். விலையும் தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். கணக்கின் பெயரும் பொத்தான்களும் அதை மறைத்துவிடும். மேலே ஏற்றுங்கள். நீளம் முப்பது நொடி போதும். பொருளின் பெயர் முதல் மூன்று நொடிக்குள் வரவில்லையென்றால் தொடக்கத்தை வெட்டுங்கள்.