மாறாத இரண்டாவது கட்டம்

என் சித்தப்பா பைப் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாக அவருடைய ஆர்டர் எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில்தான் பதிவாகிறது. முதல் கட்டத்தில் பொருளின் வகை, அடுத்த கட்டத்தில் அளவு, அதற்கடுத்து எண்ணிக்கை. வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகைக்கு உண்டான அளவுகள் மட்டும் அடுத்த கட்டத்தில் பட்டியலாக இறங்கும். போன வருடம் ஒரு நாள் அந்த ஷீட்டிலிருந்து 'எஸ்டபிள்யூஆர் பைப், இரண்டு இஞ்ச்' என்று ஒரு சீட்டு குடோனுக்குப் போனது. கழிவுநீர் போகும் அந்தப் பைப்பில் எங்கள் கடையில் 75, 110, 160 மில்லிமீட்டர் என்று மூன்றே அளவுகள்தான். இரண்டு இஞ்ச் என்று ஒன்று கிடையாது.

குடோனில் இருந்த பையன் 75 மில்லிமீட்டர் பைப்பை வண்டியில் ஏற்றிவிட்டான். "எஸ்டபிள்யூஆர்ல ரெண்டு இஞ்சே வராதே அண்ணாச்சி, அதான் பக்கத்துல இருக்கிற அளவக் கொடுத்துட்டேன்" என்றான். கட்டடத்தில் கழிப்பறைக்குத் தேவைப்பட்டது 110. வண்டி திரும்பி வந்தது, வாடகை கடைக்கு. பையன் மேல் தப்பு இல்லை. அந்த ஷீட்டைப் போட்டுக் கொடுத்தவன் நான். இல்லாத ஓர் அளவு அதில் எப்படி ஏறியது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் முதலில் சிபிவிசி பைப் கேட்டார். அது வெந்நீர் லைனுக்குப் போடுவது, அரை இஞ்ச் முதல் இரண்டு இஞ்ச் வரை வரும். கல்லாவில் இருந்தவர் சிபிவிசியைத் தேர்ந்தெடுத்து, அளவில் 'இரண்டு இஞ்ச்' என்று வைத்தார். அதற்குள் வாடிக்கையாளர் மனம் மாறி, முதலில் எஸ்டபிள்யூஆர் போடுங்கள் என்றார். இவர் முதல் கட்டத்தை மட்டும் மாற்றினார். பக்கத்துக் கட்டம் அப்படியே நின்றது.

எக்செல்லில் Data Validation என்பது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே வரும்போது மட்டும்தான் சோதிப்பான். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட ஆளை, விதி மாறிவிட்டது என்பதற்காகத் தேடிப் போய் எழுப்ப மாட்டான். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று மாறும் பட்டியலைப் போடச் சொல்லித் தருகிறவர்களில் பலர் இந்த இடத்துக்கு வருமுன்பே நிறுத்திவிடுகிறார்கள். பட்டியல் இறங்குவது பாதி வேலைதான்.

முதலில் அந்தப் பாதி. இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் வழி INDIRECT. ஒவ்வொரு வகையின் அளவுகளுக்கும் வகையின் பெயரையே சூட்டிவிட்டு, இரண்டாவது கட்டத்தில் =INDIRECT($A2) என்று கொடுப்பார்கள். ஆனால் சூட்டும் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது. 'எஸ்டபிள்யூஆர் பைப்' என்று இரண்டு சொல் வந்தாலே சிக்கல். புது வகை வரும்போதெல்லாம் ஒரு பெயர் சூட்ட வேண்டும், அதைச் செய்ய யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கடைக்கு இது ஒத்துவராது என்பது என் அனுபவம்.

நான் இப்போது போடுவது வேறு. List என்று ஒரு தனி ஷீட். அதில் A பத்தியில் வகை, B பத்தியில் அளவு. வரிக்கு ஒரு அளவு. சிபிவிசிக்கு ஆறு அளவு என்றால் 'சிபிவிசி பைப்' என்ற பெயரும் ஆறு வரியில் வரும். D பத்தியில் வகைகளின் பெயர் மட்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. எங்களுக்கு மூன்று வகை, ஆகவே D2 முதல் D4 வரை.

அளவுகளை எழுத்தாலேயே எழுதுங்கள்: அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச். நம் ஊர்த் தேதி முறை வைத்திருக்கும் கணினியில் 1/2 என்று அடித்தால் எக்செல் அதைப் பிப்ரவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். 3/4 என்றால் ஏப்ரல் 3. கடையில் வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படி எழுதினால் இந்தத் தொல்லை வராது, படிக்கிறவருக்கும் சுலபம்.

இனி ஆர்டர் ஷீட். A2 முதல் A100 வரை தேர்ந்தெடுத்து, Data மெனுவில் Data Validation போய், Allow என்ற இடத்தில் List வையுங்கள். Source என்ற இடத்தில் =List!$D$2:$D$4 என்று கொடுங்கள். பிறகு B2 முதல் B100 வரை தேர்ந்தெடுத்து அதேபோல் List வைத்து, Source இடத்தில் இதை எழுதுங்கள்:

```
=OFFSET(List!$B$1,MATCH($A2,List!$A$2:$A$200,0),0,COUNTIF(List!$A$2:$A$200,$A2),1)
```

பார்க்கப் பயமாக இருக்கும், சொல்வது சின்ன விஷயம். A2-வில் உள்ள வகை பட்டியலில் எத்தனையாவது வரியில் தொடங்குகிறது என்று MATCH தேடுகிறது. அந்த வகை எத்தனை வரி இருக்கிறது என்று COUNTIF எண்ணுகிறது. தொடங்கும் வரியிலிருந்து அத்தனை வரிகளை B பத்தியிலிருந்து OFFSET அள்ளிக் கொடுக்கிறது. பெயர் சூட்டும் வேலையே இல்லை, வகையின் பெயரில் இடைவெளி இருந்தாலும் கவலை இல்லை.

$A2 என்பதில் டாலர் குறி எழுத்துக்கு முன்னால் மட்டும்தான் இருக்க வேண்டும். மௌஸால் கட்டத்தைச் சொடுக்கினால் எக்செல் தானாக $A$2 என்று போட்டுவிடும். அப்படியே விட்டால் எந்த வரியில் நின்றாலும் முதல் வரியின் வகைக்குரிய அளவுகளே இறங்கும். இரண்டு வரிகளில் வெவ்வேறு வகை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஒரே வரியில் சோதித்துவிட்டு எழுந்து போனால் தெரியாது.

சூத்திரத்தை உறுதி செய்யும்போது A2 காலியாக இருந்தால், தற்போதைக்குப் பிழை வருகிறது, தொடரலாமா என்று கேட்கும். Yes கொடுக்கலாம். ஆனால் அதே பெட்டியில் இருக்கும் Ignore blank என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், வகை காலியாக இருக்கும்போது அளவில் எதை அடித்தாலும் எக்செல் ஏற்றுக்கொள்ளும்.

அம்புக்குறியைச் சொடுக்கியும் பட்டியல் இறங்கவே இல்லை என்றால், பெரும்பாலும் D பத்தியில் எழுதிய பெயரும் A பத்தியில் எழுதிய பெயரும் ஒன்றாக இல்லை. கடைசியில் ஒரு இடைவெளி கூடியிருந்தாலே போதும், கண்ணுக்குத் தெரியாது. E2-வில் =COUNTIF($A$2:$A$200,D2) என்று போட்டுக் கீழே இழுத்து வையுங்கள். பூஜ்யம் வரும் பெயரில்தான் கோளாறு.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே வகையின் வரிகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் முதலில் சிபிவிசிக்கு ஐந்து அளவுகள்தான் இருந்தன, 2-ஆம் வரி முதல் 6 வரை. 7-ஆம் வரியில் எஸ்டபிள்யூஆர் 75 மில்லிமீட்டர் தொடங்கியது. பிறகு சிபிவிசியில் இரண்டு இஞ்ச் ஸ்டாக் வந்தபோது, சித்தப்பா அதைப் பட்டியலின் அடியில் சேர்த்தார். எண்ணிக்கை ஆறு ஆனது. சூத்திரமோ முதல் வரியிலிருந்து ஆறு வரியை அள்ளியது. விளைவு, சிபிவிசிக்குக் கீழே '75 மி.மீ.' வந்து உட்கார்ந்தது, சேர்த்த இரண்டு இஞ்ச்சைக் காணோம். A, B இரண்டு பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வகைப் பத்தியை மட்டும் வைத்து Sort செய்தால் சரியாகிவிடும். வகைக்குள் அளவுகளின் வரிசை கலையாது, புதிது அதன் வகையின் கடைசியில் போய்ச் சேரும்.

இனி அந்த மாறாத கட்டத்துக்கு வருவோம். அளவு நிரம்பியிருக்கும்போது வகையை மாற்றவே விடக் கூடாது, அதுதான் நான் எடுத்த முடிவு. List ஷீட்டில் F1-இல் 'முதலில் அளவை அழிக்கவும்' என்று எழுதி வைத்தேன். ஆர்டர் ஷீட்டின் A பத்தியில் முன்பு கொடுத்த Source-ஐ எடுத்துவிட்டு இதைப் போட்டேன்:

```
=IF($B2="",List!$D$2:$D$4,List!$F$1)
```

அளவு காலியாக இருந்தால் வகைகள் இறங்கும். அளவு இருந்தால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் இறங்கும். வேறு வகையை அடித்துப் பார்த்தாலும் ஏற்காது. கல்லாவில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த இடத்திலேயே எழுதியிருக்கிறது, என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. தவறி அந்த வாக்கியத்தையே தேர்ந்தெடுத்தாலும் வகை இருக்க வேண்டிய இடத்தில் அது பளிச்சென்று தெரியும்.

இதுவும் முழுக்காவல் இல்லை. வேறு இடத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் எக்செல் சோதிப்பதே இல்லை. சாதாரணமாக ஒட்டும்போது அந்தக் கட்டத்தில் நாம் வைத்த பட்டியலையும் சேர்த்து அழித்துவிடும். போன மாத ஆர்டரை எடுத்து ஒட்டி, இரண்டு வரியை மட்டும் மாற்றும் பழக்கம் எந்தக் கடையில்தான் இல்லை? அதனால் கடைசியாக ஒரு சிவப்பு விளக்கு. A2 முதல் B100 வரை தேர்ந்தெடுத்து, Conditional Formatting-இல் சூத்திரம் எழுதும் விதியாக இதைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வையுங்கள்:

```
=AND($B2<>"",COUNTIFS(List!$A$2:$A$200,$A2,List!$B$2:$B$200,$B2)=0)
```

இந்த வகையும் இந்த அளவும் சேர்ந்தாற்போல் பட்டியலில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று இது பார்க்கும். இல்லாவிட்டால் இரண்டு கட்டமும் சிவக்கும். இந்த விதி வாசலில் நின்று சோதிப்பதில்லை, உள்ளே இருப்பதை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வகையைக் காலி செய்துவிட்டு அளவை மட்டும் விட்டாலும் பிடிக்கும், பட்டியல் வரிசை கலைந்து சிபிவிசிக்குக் கீழே 75 மி.மீ. வந்து யாராவது அதைத் தேர்ந்தெடுத்தாலும் பிடிக்கும். இரண்டில் ஒன்றைத்தான் போட நேரம் இருக்கிறது என்றால், மேலே சொன்ன பூட்டை விட்டுவிட்டு இதைப் போடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் இதே சூத்திரத்தை அப்படியே போட முடியாது. அங்கே பட்டியலுக்கு ஒரு கட்ட வரிசையைத்தான் காட்ட முடியும் என்பதால், ஒவ்வொரு ஆர்டர் வரிக்கும் பொருந்தும் அளவுகளை FILTER கொண்டு ஓரமாக எடுத்து வைத்து, அதைக் காட்ட வேண்டும்.

கடையில் இதைப் போட்ட அன்று, பழைய ஆர்டர்கள் இருந்த ஷீட்டிலும் அந்தச் சிவப்பு விதியை வைத்துப் பார்த்தோம். மூன்று வரிகள் சிவந்தன. ஒன்று எங்களுக்குத் தெரிந்தது. மற்ற இரண்டு வரிகளுக்குரிய பில்களைத் தேடி எடுக்கச் சித்தப்பா அப்போதே எழுந்து போனார்.