கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிய டிவி

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் தன் லேப்டாப்பை ஹாலில் இருந்த பெரிய டிவியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, வரவு செலவு ஸ்லைடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். "மாதப் பராமரிப்புக் கட்டணம் ரூ.150" என்று வந்ததும் முன்வரிசையில் இருந்த மாமி, "நூத்தம்பதா? வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே கட்டிடறேன்" என்றார். லேப்டாப்பில் இருந்தது ரூ.1500. வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பூஜ்யத்தை டிவி விழுங்கிவிட்டது.

பாதி எழுத்து வெட்டுப்பட்டால் கண்ணில் பட்டுவிடும். ஒரு இலக்கம் முழுசாகப் போனால் எதுவும் குறைந்த மாதிரியே தெரியாது. தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. மேல் ஓரம் போனால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'கண்' 'கண' ஆகிவிடும்.

டிவி ஏன் ஓரத்தை விழுங்குகிறது? அது பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அந்தத் திரையில் படம் சுருங்கும், விரியும். ஓரத்தில் கறுப்புத் தெரியக் கூடாது என்று படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே காட்டினார்கள். 'ஓவர்ஸ்கேன்' என்று அதற்குப் பெயர். தட்டை டிவிக்கு அந்தத் தேவை இல்லை, ஆனாலும் பல டிவிகளில் அந்த அமைப்பு இன்னும் தொடர்கிறது. அதனால்தான் ஒளிபரப்புத் துறையினர் எழுத்துக்கு நாலு பக்கமும் ஐந்து சதவீதம் இடம் விடுகிறார்கள்.

டிவிக்கு அது போதும். மொபைலுக்குப் போதாது. ஸ்லைடின் விகிதம் 16:9. இன்றைய மொபைல்கள் பலவும் அதைவிட நீளம், 20:9 வரை போகிறது. வீடியோவாகப் போட்ட ஸ்லைடைப் பார்க்கிறவர், பக்கவாட்டுக் கறுப்புப் பட்டை பிடிக்காமல் இரண்டு விரலால் விரித்துத் திரையை நிரப்புவார். அப்போது அகலம் முழுசாக இருக்கும். மேலும் கீழும் பத்துப் பத்து சதவீதம் வெளியே போய்விடும். தலைப்பு இருப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஆக, பக்கவாட்டில் ஐந்து சதவீதம், மேலும் கீழும் பத்து. பவர்பாயின்ட்டில் இதற்கு ஒரு சுலபக் கணக்கு வருகிறது. அதன் 16:9 ஸ்லைடு 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். `View` மெனுவில் `Slide Master` திறந்து, `Guides` என்பதை டிக் செய்தால் வழிகாட்டிக் கோடுகள் வரும். கோட்டை இழுக்கும்போது அருகில் தெரியும் எண், ஸ்லைடின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. இடமும் வலமும் 6.00, மேலும் கீழும் 3.00 என்று நாலு கோடு வையுங்கள். சென்டிமீட்டரில் காட்டினால் 15.24, 7.62. இந்த 12-க்கு 6 பெட்டிக்குள் எழுத்து. பின்னணி வண்ணமும் படமும் ஓரம் வரை போகட்டும்.

இந்தப் பெட்டி எல்லாவற்றுக்கும் உதவும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஸ்லைடைச் சதுரமாக வெட்டினால் 1920 பிக்சல் அகலத்தில் நடு 1080 மட்டும்தான் மிஞ்சும். ஸ்டேட்டஸ், ரீல்ஸ் மாதிரி நெட்டுக்குத்தான 9:16 திரையை நிரப்பினால் சுமார் 607. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் எழுத்தை அடைக்கப் பார்ப்பது வீண் வேலை. கோப்பை நகலெடுத்து, `Slide Size` போய் 7.5-க்கு 13.33 என்று மாற்றுவதுதான் வழி. அப்போது `Maximize`, `Ensure Fit` என்று இரண்டு கேட்கும். முதலாவதில் எழுத்து ஸ்லைடுக்கு வெளியே வழியலாம். இரண்டாவதில் எல்லாம் உள்ளே வரும், ஆனால் சுருங்கும். 24 பாயின்ட் எழுத்து 13-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எழுத்தைப் பிறகு கையால் பெரிதாக்கி, வரிகளை மடித்துக்கொள்ளலாம். காணாமல் போன வரியைத் தேட வேண்டியதில்லை.

லேப்டாப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் டிவி வெட்டுவது தெரியாது. எனவே அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சோதனை ஸ்லைடு செய்தோம்: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டங்கள். ஸ்லைடின் ஓரத்தை ஒட்டிச் சிவப்பு, ஐந்து சதவீதம் உள்ளே நீலம், பத்தில் பச்சை. ஹால் டிவியில் நீலமும் பச்சையும் தெரிந்தன, சிவப்பைக் காணோம். ரிமோட்டில் படத்தின் அளவு மெனுவுக்குப் போய் `16:9` என்று இருந்ததை `Just Scan` என்று மாற்றினோம். சில டிவிகளில் இது `Screen Fit` என்றோ `1:1` என்றோ இருக்கும். சிவப்புக் கட்டம் நாலு பக்கமும் வந்து நின்றது.

அந்தக் கூட்டத்தில் ரூ.1500 முழுசாகத் தெரிந்தது. மாமி, "பழைய டிவியே தேவலை" என்றார்.