அப்பாவின் ஸ்கிரீன்ஷாட்டில் நட்டம் எங்கே?

ஓய்வுபெற்ற தந்தை ஒருவர் தன் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று ஃபண்டுகள். முதலாவதில் போட்டது 1,20,000 ரூபாய், இன்றைய மதிப்பு 1,56,000. இரண்டாவதில் 2,00,000 போட்டு 2,24,000. மூன்றாவதில் 1,50,000 போட்டது 1,44,000 ஆகியிருக்கிறது. "மூணாவதை வித்துடலாமாம்மா?" என்பது அவர் கேள்வி.

மகள் முதலில் எண்களைச் சரிபார்க்கிறாள். யூனிட்டுகளை என்ஏவியால் பெருக்கினால் மதிப்பு வரவேண்டும். முதல் ஃபண்டில் 2,400 யூனிட், என்ஏவி 65 ரூபாய். 1,56,000 சரியாக வருகிறது. வராவிட்டால் ஏதோ ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள்.

பிறகு கழித்தல். லாபம் 36,000, 24,000. மூன்றாவதில் நட்டம் 6,000. சதவீதத்தில் 30, 12, மைனஸ் 4. இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 12.67 வரும். பலரும் இப்படித்தான் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. மொத்தம் போட்டது 4,70,000, மொத்த லாபம் 54,000. ஆக, 11.49 சதவீதம்தான்.

முதல் ஃபண்டின் 30 சதவீதம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அது 5 வருடம் முன்பு மொத்தமாகப் போட்ட பணம். வருடத்துக்குக் கணக்கிட்டால் 5.4 சதவீதம் மட்டுமே. இரண்டாவது ஃபண்டின் 12 சதவீதம் ஒரே வருடத்தில் வந்தது. எந்தத் தேதியில் போட்ட பணம் என்பது ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை. மாதாமாதம் எஸ்ஐபியில் கட்டியிருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் வயது வேறு. அதற்கு எக்செல்லின் `XIRR` வேண்டும்.

மூன்றாவதுதான் சுவாரசியம். அப்பா கையிலிருந்து 1,50,000 போடவே இல்லை. அதே நிறுவனத்தின் வேறொரு ஃபண்டில் போட்ட 1,00,000 வளர்ந்து 1,50,000 ஆனதும் 'ஸ்விட்ச்' செய்திருக்கிறார். ஸ்விட்ச் என்றால் பழையதை விற்றுப் புதியதை வாங்குவது, வரிக்கும் அப்படித்தான். அதனால் புதிய ஃபண்டின் Cost Value 1,50,000 என்று ஆரம்பிக்கிறது, பழைய லாபம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. புதிய ஃபண்ட் 6,000 இறங்கியது உண்மை. பையிலிருந்து போன 1,00,000 இன்று 1,44,000 ஆக நிற்பதும் உண்மை. விற்பதா என்ற கேள்விக்கு முதல் எண் உதவும். குடும்பம் சம்பாதித்ததா என்பதற்கு இரண்டாவது.

ஸ்விட்ச் நடந்த தேதியும் தவணைத் தேதிகளும் விரிவான ஸ்டேட்மென்டில் இருக்கும். கேம்ஸ் இணையதளத்தில் Detailed என்பதைத் தேர்ந்தெடுத்து, முதல் முதலீட்டுக்கு முந்தைய தேதியிலிருந்து கேட்டால், ஃபோலியோவில் பதிந்த மின்னஞ்சலுக்கு இலவசமாகவே வந்துசேரும்.