ஒரு காட்சிக்கு எத்தனை சட்டை?

காட்சி 7. தையல் கடை. உள். இரவு.

மழை. செல்வி நனைந்தபடி உள்ளே வருகிறாள். கையில் ஒரு பை. மூத்த மகளின் பழைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள். மாணிக்கம் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நாடாவால் சட்டையை அளக்கிறார். கரண்ட் போகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரிக்கிறார்.

உதாரணத்துக்காக நானே எழுதிக்கொண்ட குறும்படத்தின் காட்சி இது. பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கிறது. புதுத்துணி எடுக்கப் பணமில்லாத ஒரு தாய், மூத்தவளின் சட்டையை இளையவளுக்கு ஆல்ட்டர் செய்யக் கொண்டுவருகிறாள். மொத்தம் பதினொரு பக்கம், பதினான்கு காட்சிகள். கையில் 30,000 ரூபாய். கேமரா வாடகையும் சாப்பாடும் போனால் பொருளுக்கும் துணிக்கும் இடத்துக்கும் மிஞ்சுவது ஐயாயிரம்தான்.

எழுதியவருக்கு இது ஐந்தாறு வரி. உதவி இயக்குநருக்கு இது ஒரு மளிகைச் சீட்டு. ஒவ்வொரு காட்சியையும் படித்து, அதற்கு என்ன பொருள் வேண்டும், யார் என்ன உடுத்தியிருக்கிறார், எங்கே எடுப்பது என்று பிரித்து எழுதும் வேலையைத்தான் சினிமாக்காரர்கள் பிரேக்டவுன் என்கிறார்கள். ஒரு நீள நோட்டு போதும். காட்சி எண், இடம், பகலா இரவா, கதையில் எத்தனையாவது நாள், நடிகர்கள், பொருள், உடை, எங்கிருந்து கிடைக்கும் என்று பத்தி பிரித்துக்கொண்டால் ஆரம்பிக்கலாம்.

முதல்முறை செய்பவர்கள் பென்சிலால் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். பை, சட்டை, டீ கிளாஸ், நாடா, மெழுகுவர்த்தி, கத்தரி. ஆறு பொருள், வேலை முடிந்தது என்று தோன்றும். படப்பிடிப்பன்று ராத்திரி பதினொரு மணிக்கு, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நேரத்தில், தீப்பெட்டி எங்கே என்று ஒருவர் கேட்பார். தீப்பெட்டி ஸ்கிரிப்டில் இல்லை. மெழுகு ஒட்ட ஒரு மூடியோ கொட்டாங்குச்சியோ வேண்டும், அதுவும் இல்லை. நனைந்து வந்தவள் குடை இல்லாமல் ஏன் வந்தாள் என்பதற்கும் பதில் வேண்டும். எழுதாமல் விட்ட பொருளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, காட்சியை எழுந்து நின்று கைகளால் நடித்துப் பார்ப்பது. கை எங்கே வெறுமையாக நீள்கிறதோ அங்கே ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது.

நோட்டோடு ஒரு தையல்காரரிடமும் போய்வர வேண்டும். தையல் பிரிக்க அவர் கத்தரி எடுக்க மாட்டார், பாதி உடைத்த பிளேடுதான் எடுப்பார். இதைத் தெரிந்துகொள்ள ஒரு டீச் செலவு. தெரியாமல் எடுத்தால், படத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தையல்காரரும் அந்த இடத்தில் சிரிப்பார்.

இனி சட்டைக்கு வருவோம். இந்தப் படத்தின் பிரேக்டவுனில் கஷ்டமான பொருள் அதுதான். ஸ்கிரிப்டில் ஒரு சட்டை. ஆனால் அது மூன்று கோலத்தில் வருகிறது: மூன்றாம் காட்சியிலும் ஏழின் முதல் பாதியிலும் முழுசாக, ஏழின் முடிவிலும் எட்டிலும் பிரிந்து, பதினொன்றிலும் பதிமூன்றிலும் சின்னதாகத் தைக்கப்பட்டு. கதை வரிசைப்படி எடுத்தால் ஒன்றே போதும். ஆனால் யாரும் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. ஒரு வீடு கிடைத்தால் அந்த வீட்டுக் காட்சிகள் அத்தனையும் அன்றே எடுத்தாக வேண்டும். ஆகவே ஒரு சட்டை மூன்று சட்டையாகிறது.

பிரிக்கிற சட்டைக்குக் கணக்கு இன்னும் கறார். ஒரு டேக் சரியாக வராவிட்டால் டீயை மறுபடி ஊற்றலாம், பிரித்த தையலை என்ன செய்வது? அகலமான ஷாட்டில் பிளேடைத் துணிமேல் ஓட்டுவதுபோல் பாவனை போதும். குளோசப்பில்தான் நூல் அறுபட வேண்டும். ஒரு சட்டைக்கு இரண்டு பக்கத் தையல் உண்டு, அதனால் இரண்டு டேக் கிடைக்கும். எடுப்பதே தையல் கடையில் என்பதால், மெஷின் தெரிந்த ஒருவர் அதே நிற நூலில் மறுபடி ஓட்டித் தந்தால் இன்னும் இரண்டு. அதற்குமேல் ஊசித் துளைகள் குளோசப்பில் பல்லிளிக்கும். நோட்டில் எழுத வேண்டியது ‘யூனிஃபார்ம் சட்டை’ என்று அல்ல: ‘சட்டை முழுசு 1, பிரிக்க 2, சின்னது 1, அதே நிற நூல்கண்டு 1’.

நான்கும் ஒரே அளவு நிறம் மங்கியிருக்கவும் வேண்டும். புதிதாக வாங்கி நான்கையும் ஒன்றுபோலப் பழசாக்குவது சாமானிய வேலையல்ல. ஒரே பிள்ளை ஒரே வருஷம் மாற்றி மாற்றிப் போட்ட சட்டைகளை ஒரே வீட்டில் கேட்டு வாங்குவதே மலிவு. பள்ளி முத்திரை இருந்தால் பிரித்துவிட வேண்டும்.

தீர்ந்துபோகிற எல்லாப் பொருளுக்கும் இதே கேள்விதான்: டேக்குக்கு எத்தனை? மெழுகுவர்த்தி எரிந்து குறையும். ஒரு ஷாட்டில் நெட்டையாகவும் அடுத்ததில் குட்டையாகவும் இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ உறுத்தும். ஆறு மெழுகுவர்த்திகளை முன்கூட்டியே ஒரே உயரத்துக்கு நறுக்கி, சிறிது எரித்து உருகவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். டீக்கு ஒரு பிளாஸ்க். ஒரு மடக்குக் குடித்தபின் கிளாஸில் டீ எந்த மட்டத்தில் நின்றது என்று போனில் ஒரு படம்.

உடைக்கான பத்தியை நிரப்புவதற்குமுன் ‘கதையில் எத்தனையாவது நாள்’ என்ற பத்தி முடிந்திருக்க வேண்டும். பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். பதினான்கு காட்சி என்றதும் செல்விக்கு எத்தனை புடவை என்று பதறத் தேவையில்லை. கதை மூன்று நாளில் நடக்கிறது, மூன்று புடவை. மாணிக்கம் முதல் இரண்டு நாளும் அதே சட்டையோடு இருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, அவருக்கு இரண்டு. நோட்டில் ‘செல்வி 1’, ‘செல்வி 2’, ‘செல்வி 2 ஈரம்’, ‘செல்வி 3’ என்று பெயர் வைத்துவிட்டால் குழப்பம் வராது.

அந்த ‘ஈரம்’ கவனிக்க வேண்டியது. ஆறாவது காட்சியில் செல்வி வீட்டிலிருந்து காய்ந்த புடவையோடு கிளம்புகிறாள், ஏழில் நனைகிறாள், ஒன்பதில் வீடு திரும்புகிறாள். வீட்டுக் காட்சிகள் இரண்டையும் ஒரே பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி எடுக்கிறோம் என்றால் ஆறை முதலில் எடுத்துவிட்டு, பிறகு புடவையை நனைத்து ஒன்பதை எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் புடவை காயக் காத்திருக்கும் நேரம் முழுக்க ஆள்களுக்குச் சோறு போட வேண்டும். இரண்டாவது புடவை வாங்காமல் தப்பிப்பது இந்த வரிசையில்தான் இருக்கிறது.

சின்னப் படங்களில் நடிகரின் சொந்த உடைதான் காஸ்ட்யூம். அதில் ஒரு கண்டிப்பு வேண்டும். ஒருமுறை கேமராவில் பதிந்த சட்டை, கடைசி நாள்வரை படத்தின் சொத்து. நான் வேலை பார்த்த ஒரு குறும்படத்தில் நாயகன் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், பாசத்தோடு துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்துவிட்டார். கதையில் அவர் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவர். கசக்கிப் பார்த்தோம், அந்தக் கசங்கல் வேறு, இந்தக் கசங்கல் வேறு. அன்றிலிருந்து உடைகளைப் பையில் போட்டு, காட்சி எண் எழுதி, நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.

இடம் என்பது வாடகையைவிட நேரம். ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாமானை மாற்றினால் குறைந்தது இரண்டு மணிநேரம் போகும். ஸ்கிரிப்டில் எட்டு இடங்கள் எழுதியிருந்தேன். டீக்கடைக் காட்சியில் நடப்பதெல்லாம் இரண்டு வரிப் பேச்சு. பையன் டீயைக் கடைக்கே கொண்டுவந்தால் ஓர் இடம் மிச்சம். பஸ் நிலையத்துக்கு அனுமதி வாங்கி அலையவேண்டும், அதைத் தெருமுனையாக்கிக் கடை வாசலோடு சேர்த்தாயிற்று. இப்படிக் கழித்ததில் மூன்று நின்றன: கடை, வீடு, பள்ளி கேட்.

கடை சிக்கல் செய்தது. பள்ளி திறக்கும் மாதத்தில் எந்தத் தையல்காரரும் பகலில் கடையைத் தரமாட்டார், ராத்திரி ஒன்பதுக்குமேல்தான். ஸ்கிரிப்டின் முதல் இரண்டு காட்சிகளோ கடையில் பகலில். இதே முடிச்சை அமெரிக்காவில் கெவின் ஸ்மித் 1994-இல் வெளிவந்த ‘கிளர்க்ஸ்’ படத்தில் அவிழ்த்தார். தான் வேலை பார்த்த மளிகைக் கடையை, அது மூடிய பிறகு இரவில்தான் எடுக்க முடிந்தது. கதையோ பகலில் நடக்கிறது. பூட்டில் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டதால் ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். ஜன்னல் மூடியே இருந்தால் வெளியே இருட்டா வெளிச்சமா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? எனக்கு அத்தனை தந்திரம் தேவைப்படவில்லை. பள்ளி திறக்குமுன் தையல்காரர்கள் நள்ளிரவுவரை தைப்பது உலகறிந்தது, ‘பகல்’ என்பதை அடித்து ‘இரவு’ என்று எழுதினேன்.

உடனே வேறோர் இடி. இளையவள் சட்டையைப் போட்டுப் பார்க்கும் பதினோராவது காட்சியும் கடையில்தான். பத்து வயதுப் பிள்ளையை நள்ளிரவில் நிற்க வைப்பதா? குழந்தை நடிகர்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணிநேரத்துக்குமேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்கின்றன. காட்சியை வீட்டுக்கு மாற்றினேன். அம்மா பட்டன் போட்டுவிடுகிறாள், தையல்காரர் இல்லை. நடிகர் பத்தியும் இடப் பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் இது எழுத்து மேஜையிலேயே தெரிந்தது.

திறந்தவெளி என்றால் எப்போது என்றும் எழுத வேண்டும். ‘பதேர் பாஞ்சாலி’க்காக 1952-இல் நாணல் பூத்த வெளியில் அபுவையும் துர்காவையும் எடுத்த சத்யஜித் ராய், மிச்சத்தை எடுக்க ஒரு வாரம் கழித்துப் போனபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூப்பருவம்வரை அந்தக் காட்சி நின்றது.

கடைசிப் பத்தியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொல்: ‘இருக்கு’, ‘இரவல்’ அல்லது ‘காசு’. இரவல் என்றால் யாரிடம், என்றைக்குத் திருப்பித் தருவது என்றும் சேர்த்து. காசு என்று விழுந்ததை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஐயாயிரம் தாண்டியது. தாண்ட வைத்தது மழை. நாலெழுத்துக்கூட இல்லாத சொல், தண்ணீர் லாரி கேட்கும். பதிமூன்றாவது காட்சியில் ‘பள்ளி வாசலில் பிள்ளைகள் கூட்டம்’ என்று அலட்சியமாக எழுதியிருந்ததும் பத்து யூனிஃபார்ம் கேட்டது. அது மூடும் கேட்டாகவும் மணிச் சத்தமாகவும் ஓடிவரும் இரண்டு பிள்ளைகளாகவும் சுருங்கியது. மழைக்கு, வாசல் தகரத்தின்மேல் பூவாளியால் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள்.

பிரேக்டவுன் முடிந்தபின் காட்சி 7 இப்படி ஆனது:

தகரத்தில் மழைச் சத்தம். கதவுக்கு மேலிருந்து நீர் சொட்டுகிறது. செல்வி பையைத் தலைக்குமேல் பிடித்தபடி உள்ளே வருகிறாள். கரண்ட் ஏற்கெனவே இல்லை. மூடியில் ஒட்டிய மெழுகுவர்த்தி. மேஜையில் ஆறிய டீ, அவர் அதைத் தொடவில்லை. சட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பாதி பிளேடை எடுத்து, அக்குளிலிருந்து கீழ்நோக்கிப் பிரிக்கத் தொடங்குகிறார்.