மதிப்பெண் குறித்து ஒரு மின்னஞ்சல்

பள்ளியில் விடைத்தாள் கைக்கு வந்ததும் ஆசிரியையின் மேசையருகே சென்று, "மிஸ், இதைச் சற்றுப் பாருங்கள்" என்று கேட்டுவிடுகிறோம். கல்லூரியில் அது எப்போதும் இயல்வதில்லை. ஆகவே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும். அதை எவ்வாறு எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போம்.

முதலாண்டு வேதியியல் மாணவி ஒருத்திக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வின் 7ஆம் வினாவுக்கு 6இல் 2 மதிப்பெண் கிடைத்தது என்று கொள்வோம். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசல் 20 மி.லி.யை நடுநிலையாக்க 16 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்பட்டது. அமிலத்தின் செறிவு என்ன? இதுவே வினா. எழுதுமுன் அவள் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். 0.1ஐ 20ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் 0.125 மோலார். அவள் விடையும் அதுவே. பின் மதிப்பெண் ஏன் குறைந்தது? தாளைப் புரட்டினால் காரணம் புலப்படுகிறது. சமன்பாடு 8ஆம் பக்கத்தில் முடிகிறது; கணக்கும் விடையும் 9ஆம் பக்கத்தில் உள்ளன. அப்பக்கத்தில் சிவப்பு மையே படவில்லை.

இனி கடிதம். பொருள் வரியில் பாடம், தேர்வு, பதிவு எண், "7ஆம் வினா" ஆகியவை இருக்கட்டும். உள்ளே இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய அம்மையீர், 7ஆம் வினாவுக்கான என் விடை 9ஆம் பக்கத்தில் தொடர்கிறது. அப்பக்கத்தில் மதிப்பீட்டுக் குறி எதுவும் காணப்படவில்லை. தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது அதைப் பார்க்க இயலுமா? இரு பக்கங்களின் படத்தையும் இணைத்துள்ளேன். விடையில் குறை இருப்பின் அதை அறிந்துகொள்ளவும் விரும்புகிறேன்."

இதில் "4 மதிப்பெண் தர வேண்டும்" என்ற சொல் இல்லை. கண்டது மட்டுமே இருக்கிறது. மதிப்பெண்ணை முடிவு செய்வது அவர் பணி. "இரவு பகலாகப் படித்தேன்", "என் தோழிக்கு அதிகம் கிடைத்தது" என்பவை விடைத்தாளில் இல்லாத செய்திகள். அவற்றைக் கொண்டு எவரும் திருத்த முடியாது. வினா எண்ணைச் சொல்லாமல் "மதிப்பெண் குறைவாக உள்ளது" என்று மட்டும் எழுதினால், பேராசிரியர் தாள் முழுவதையும் மீண்டும் படிக்க நேரிடும். பதிலும் தாமதமாகும். முதல் மடலிலேயே முதல்வருக்கும் நகல் அனுப்புவது முறையீடாகிவிடும். அதைத் தவிர்ப்பது நன்று.

தாள் கிடைத்த இரண்டொரு நாளில் எழுதிவிட வேண்டும். உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்ட பின் மாற்றுவது கடினம். ஒரு வாரம் பதில் வராவிடில், அதே மடலின் தொடர்ச்சியாக ஒருமுறை பணிவுடன் நினைவூட்டலாம்.

மறுபடி பார்க்கையில் வேறிடத்தில் தவறுதலாக இட்ட மதிப்பெண் பேராசிரியரின் கண்ணில் பட்டு, மொத்தம் குறையவும் கூடும்! பல்கலைக்கழகத் தேர்வுத் தாளுக்கோ இம்மடல் பயன்படாது. அதற்கு உரிய கட்டணத்துடன், குறித்த நாளுக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.